பத்தமடைப் பாய்கள் தைப்பொங்கல் முதல் எங்கள் இணையக் கடையில்

திருநெல்வேலி மாவட்டத்துப் பத்தமடையில் கோரைப்புல்லை வகிர்ந்து, நீரில் ஊறவைத்து, மீண்டும் உலர்த்தி, பருத்தி நூலைப் பாவாகக் கொண்டு கையால் நெய்யப்படும் பாய்களை, நெய்தவர்களிடமிருந்தே வாங்கி உங்கள் வீட்டுக்கு அனுப்பும் எங்கள் இணையதளம், வரும் தைப்பொங்கல் நாளன்று காலை 9 மணிக்குத் திறக்கிறது.

கோரையை எவ்வளவு மெல்லியதாக வகிர்கிறார்களோ, அவ்வளவுக்குப் பாய் துணிபோல் மடியும். பட்டுப்பாய் என்று பெயர்பெற்ற அந்த நுண்ணிய நெசவுக்குப் பொறுமையும் பல நாள் உழைப்பும் வேண்டும் என்பதால், எங்களிடம் அவை குறைந்த எண்ணிக்கையிலேயே இருக்கும். அவசரப்படுத்தி நெய்யச் சொல்ல எங்களுக்கு மனமில்லை. மணமக்களின் பெயர்களை நெய்து தரும் கல்யாணப் பாய்களுக்கு முன்பதிவு அவசியம். நாள் குறித்தவுடன் எழுதுங்கள். அன்றாடப் படுக்கைக்கும் பூசையறைக்கும் ஏற்ற பாய்களும் கிடைக்கும்.

கீழே மின்னஞ்சல் முகவரியைப் பதிவு செய்வோருக்கு, மற்றவர்களுக்கு முன்பாக, போகிப் பண்டிகையன்றே கடை திறக்கும். ஒவ்வொரு பாயின் படமும் அளவும் விலையும் அடங்கிய கடிதம் அதற்கு ஒரு வாரம் முன்னதாக வந்து சேரும்.

உங்கள் மின்னஞ்சல் முகவரி

எனக்கும் தெரிவியுங்கள்

உங்கள் முகவரியை வேறு எவரிடமும் பகிர மாட்டோம். வேண்டாம் எனத் தோன்றினால், எந்தக் கடிதத்தின் அடியிலும் உள்ள இணைப்பை அழுத்தி விலகிக்கொள்ளலாம்.