பாதியில் நின்ற திரை

தலைமையாசிரியர் அம்மா, ஆசிரியர்களே, பெற்றோர்களே, மேடையேறக் காத்திருக்கும் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

என்னைப் பன்னிரண்டு நிமிடம் பேசச் சொன்னார்கள். முன்வரிசையில் பட்டாம்பூச்சி இறக்கை கட்டிய ஒரு பாப்பா, சாய்ந்து உட்கார முடியாமல் நாற்காலி நுனியில் தவிக்கிறாள். அவளுக்காகச் சீக்கிரமே முடித்துவிடுகிறேன்.

ஆறாம் வகுப்பில் எனக்கு ஆண்டு விழா நாடகத்தில் வேடம் கிடைக்கவில்லை. குரல் எடுபடாது என்றார்கள். உண்மைதான். சரி, திரையாவது இழு என்று விட்டார்கள். கடைசிக் காட்சியில் ராஜா செத்து விழுந்தார். நான் கயிற்றை இழுத்தேன். திரை பாதியில் நின்றுவிட்டது. ராஜா ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். கொஞ்ச நேரம் பொறுத்தார். அப்புறம் எழுந்து, தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு, நடந்தே உள்ளே போனார்!

மறுநாள் திட்டு விழும் என்று பயந்துகொண்டே போனேன். அறிவியல் ஆசிரியர் ஏணியோடு நின்றிருந்தார். "ஏறுடா. எங்கே சிக்கியிருக்குன்னு நீயே பார்த்துச் சொல்லு" என்றார். மேலே கயிறு கப்பியின் பள்ளத்திலிருந்து நழுவி, சக்கரத்துக்கும் பக்கத் தகட்டுக்கும் நடுவே சொருகிக்கொண்டிருந்தது. நெம்பி எடுத்துப் பள்ளத்தில் போட்டேன். கீழே வந்து இழுத்தால் திரை சரசரவென்று ஓடுகிறது. அன்று பத்து தடவையாவது திறந்து மூடியிருப்பேன். இன்று கருவிகளைப் பழுதுபார்த்துப் பிழைக்கிறேன். அந்தச் சரசரப்புதான் எனக்கு இன்னும் சம்பளம்.

என் தொழிலில் நான் பொறாமைப்படும் ஒரு வேலை உண்டு. 1977இல் ஏவிய வாயேஜர் 1 விண்கலம், 2023 நவம்பரில் திடீரென்று உளற ஆரம்பித்தது. தகவல் வருகிறது, அர்த்தம் இல்லை. கலம் இருந்ததோ சுமார் 2,400 கோடி கிலோமீட்டர் தள்ளி. அங்கே ஏணி போட முடியுமா? நாசா பொறியாளர்கள் மாதக்கணக்கில் துருவி, நினைவகச் சில்லு ஒன்று கெட்டுப்போனதைக் கண்டுபிடித்தார்கள். அதிலிருந்த நிரலைத் துண்டு துண்டாகப் பிரித்து, நினைவகத்தின் வேறு இடங்களில் வைக்க முடிவு செய்தார்கள். 2024 ஏப்ரல் 18 அன்று முதல் துண்டை அனுப்பினார்கள். சொன்னது போய்ச்சேர இருபத்திரண்டரை மணி நேரம், பதில் வர இன்னொரு இருபத்திரண்டரை. 20ஆம் தேதி, ஐந்து மாதத்துக்குப் பின் முதல்முறையாகக் கலம் தன் உடல்நிலையைப் புரியும்படி சொன்னது.

அந்த இரண்டு நாள் அவர்கள் எப்படித் தூங்கியிருப்பார்கள் என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன். விடைத்தாளைப் பார்த்துத் திருத்த அங்கே யாரும் இல்லை.

பரிசு வாங்கப் போகிறவர்களுக்கு என் வாழ்த்துகள். வாங்காதவர்களோடு விழா முடிந்ததும் உட்கார்ந்து பேச ஆசை. நானும் அந்தக் கூட்டம்தான். அப்புறம், இங்கே திரை இழுக்கும் தம்பியோ தங்கையோ யார்? கொஞ்சம் இருங்கள். உங்கள் கப்பியை நான் ஒருமுறை பார்க்க வேண்டும். வந்ததிலிருந்தே அது லேசாகக் கிறீச்சிடுகிறது.