அரிவாள் செல் நோயும் தலசீமியாவும்: ரத்தவியல் தேர்வுக்கான ஒப்பீட்டு விடைக்குறிப்பு

கேள்வி 1. அரிவாள் செல் நோயையும் பீட்டா தலசீமியா மேஜரையும் ரத்தத் தோற்றம், மரபுவழி, சிகிச்சை ஆகியவற்றின் அடிப்படையில் ஒப்பிடுக.

விடையின் முதல் வரியிலேயே வேறுபாட்டின் வேரைச் சொல்லிவிட வேண்டும். அரிவாள் செல் நோயில் குளோபின் சங்கிலியின் தரம் கெடுகிறது. தலசீமியாவில் அதன் அளவு குறைகிறது. எம்.சி.வி. ஏன் வேறுபடுகிறது, மண்ணீரல் ஒன்றில் சுருங்கி மற்றதில் ஏன் வீங்குகிறது, ரத்தம் ஏற்றுவதன் நோக்கம் ஏன் மாறுகிறது என்ற எல்லாக் கேள்விகளுக்கும் விடை இந்த ஒரு வரியிலிருந்தே கிளம்பும். அட்டவணையை மனப்பாடம் செய்து எழுதுபவருக்கும் காரணத்தோடு எழுதுபவருக்கும் மதிப்பெண் பிரிவது இங்கேதான்.

நோய் உருவாகும் விதம்

11ஆம் குரோமோசோமில் உள்ள பீட்டா குளோபின் மரபணுவின் 6ஆவது கோடானில் GAG என்பது GTG ஆகிறது. குளூட்டாமிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் வேலின் வருகிறது. ஆக்சிஜன் இழந்த நிலையில் இந்த ஹீமோகுளோபின் எஸ் நீண்ட இழைகளாகக் கோத்துக்கொண்டு செல்லை வளைக்கிறது. நீரிழப்பு, அமிலத்தன்மை, காய்ச்சல், செல்லுக்குள் ஹீமோகுளோபின் அடர்த்தி உயர்வு ஆகியவை இதை விரைவுபடுத்தும். ஹீமோகுளோபின் எஃப் தடுக்கும். விளைவுகள் இரண்டு: சிவப்பணு சிதைவு, நுண்நாள அடைப்பு.

பீட்டா தலசீமியாவில் பெரும்பாலும் புள்ளிப் பிறழ்வுகளே காரணம். பீட்டா சங்கிலி அறவே உருவாகாவிட்டால் பீட்டா பூஜ்யம், குறைவாக உருவானால் பீட்டா பிளஸ். துணையின்றி மிஞ்சும் ஆல்பா சங்கிலிகள் மஜ்ஜையிலேயே படிந்து, முன்னோடிச் செல்களை முதிரும் முன்பே கொன்றுவிடுகின்றன. இதுதான் பயனற்ற சிவப்பணு உற்பத்தி. இந்தச் சொல் இல்லாத தலசீமியா விடை முழுமையாகாது. ஆல்பா தலசீமியாவோ 16ஆம் குரோமோசோமில் உள்ள நான்கு மரபணுக்களில் சில அல்லது அனைத்தும் நீங்குவதால் வருவது.

ரத்தத் தோற்றம்

எஸ்எஸ் நோயாளியின் ஹீமோகுளோபின் பொதுவாக டெசிலிட்டருக்கு 6 முதல் 9 கிராம் வரை நிலையாக இருக்கும். குளோபின் உற்பத்தியின் அளவு குறையாததால் எம்.சி.வி. இயல்பாகவே இருக்கும். மஜ்ஜை நன்றாக ஈடுகொடுப்பதால் ரெட்டிக்குலோசைட் தெளிவாக உயர்ந்திருக்கும். ஸ்மியரில் அரிவாள் செல்கள், டார்கெட் செல்கள், பாலிகுரோமேசியா, கருவுள்ள சிவப்பணுக்கள் தெரியும். ஹோவெல்-ஜாலி உடலங்களைத் தவறாமல் தேடுங்கள். மண்ணீரல் செயலிழந்துவிட்டதற்கு அவையே சாட்சி. வளைந்த செல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொள்ள முடியாததால், ரத்தசோகை இருந்தும் ஈ.எஸ்.ஆர். குறைவாக இருக்கும்.

பீட்டா தலசீமியா மேஜரில் காட்சியே வேறு. ஹீமோகுளோபின் 7க்குக் கீழ், எம்.சி.வி. 50 முதல் 70 ஃபெம்டோலிட்டர், எம்.சி.எச். 12 முதல் 20 பைகோகிராம். வெளிறிய சிறு செல்கள், டார்கெட் செல்கள், கண்ணீர்த்துளி வடிவச் செல்கள், பேசோஃபிலிக் புள்ளிகள், ஏராளமான கருவுள்ள சிவப்பணுக்கள் காணப்படும். மஜ்ஜை கொதித்துக்கொண்டிருந்தாலும் ரெட்டிக்குலோசைட் எண்ணிக்கை சோகையின் கடுமைக்கு ஏற்ப உயராது, ஏனெனில் செல்கள் வெளியே வருவதற்குள் இறந்துவிடுகின்றன.

இரு நோய்களும் பிறந்தவுடன் தெரிவதில்லை. ஹீமோகுளோபின் எஃப் குறைந்து, பீட்டா சங்கிலி தேவைப்படும் ஆறாம் மாதத்தை ஒட்டியே வெளிப்படத் தொடங்கும். ஆல்பா மரபணுக்கள் நான்கும் நீங்கிய பார்ட்ஸ் ஹைட்ராப்ஸ் மட்டும் விலக்கு. கருவின் ஹீமோகுளோபினுக்கும் ஆல்பா சங்கிலி தேவை என்பதால் அது கருவிலேயே தாக்குகிறது.

ஹீமோகுளோபின் பிரிப்பில் எதிர்பார்க்க வேண்டியவை (ரத்தம் ஏற்றப்படாத, ஒரு வயது கடந்தவரில்):

| நிலை | ஏ | எஸ் | எஃப் | ஏ2 | எம்.சி.வி. |
|---|---|---|---|---|---|
| எஸ் டிரெய்ட் | 55–60% | 35–40% | இயல்பு | இயல்பு | இயல்பு |
| எஸ்எஸ் | இல்லை | 80%க்கு மேல் | மாறுபடும் | பெரும்பாலும் இயல்பு | இயல்பு |
| எஸ் / பீட்டா பூஜ்யம் | இல்லை | 80%க்கு மேல் | மாறுபடும் | உயர்வு | குறைவு |
| எஸ் / பீட்டா பிளஸ் | எஸ்ஸை விடக் குறைவு | ஏ-வை விட அதிகம் | மாறுபடும் | உயர்வு | குறைவு |
| பீட்டா டிரெய்ட் | 90%க்கு மேல் | இல்லை | சற்று உயரலாம் | 3.5–7% | குறைவு |
| பீட்டா பூஜ்ய மேஜர் | இல்லை | இல்லை | சுமார் 95% | மாறுபடும் | குறைவு |

கரைதிறன் சோதனையை நம்பி மட்டும் விடை எழுத வேண்டாம். அது ஹீமோகுளோபின் எஸ் இருப்பதைச் சொல்லும். டிரெய்ட்டா நோயா என்று சொல்லாது. ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தையிடமும் கடும் சோகையிலும் பொய்யாக நெகட்டிவ் வரும். ரத்தத்தில் கொழுப்பு மிகுந்தால் பொய்யாக பாசிட்டிவ் வரும். காரத்தன்மையுள்ள எலெக்ட்ரோஃபோரெசிஸில் எஸ்ஸும் டியும் ஒரே இடத்தில் நிற்கும். அமிலத்தன்மையுள்ள அகாரில் ஓட்டினால் பிரிந்துவிடும்.

இன்னொரு பொறி: எச்.பி.எல்.சி. கருவியில் ஹீமோகுளோபின் எஸ் உள்ளவரிடம் ஏ2 அளவு செயற்கையாக உயர்ந்து தெரியும். எஸ்எஸ் நோயாளிக்கு ஆல்பா தலசீமியாவும் சேர்ந்திருந்தால் எம்.சி.வி. குறைந்து, ஏ2 உயர்ந்து, எஸ் / பீட்டா பூஜ்யத்தைப் போலவே தோன்றும். பெற்றோரைச் சோதித்தால் தீர்ந்தது: இருவரும் எஸ் டிரெய்ட் என்றால் எஸ்எஸ்; ஒருவர் மட்டும் எஸ் டிரெய்ட், மற்றவர் பீட்டா டிரெய்ட் என்றால் எஸ் / பீட்டா.

பீட்டா டிரெய்ட்டையும் இரும்புக் குறைபாட்டையும் பிரிக்க, எம்.சி.வி.யை மில்லியன் கணக்கிலான சிவப்பணு எண்ணிக்கையால் வகுக்கவும். 13க்குக் கீழ் என்றால் டிரெய்ட் பக்கம், மேல் என்றால் இரும்புக் குறைபாட்டின் பக்கம். இரும்புக் குறைபாடு ஏ2 அளவைக் கீழே இழுக்கும் என்பதால், ஃபெரிட்டின் குறைந்தவரிடம் ஏ2 இயல்பாக இருந்தால் இரும்பைச் சரிசெய்த பின் மறுபடி பார்க்க வேண்டும்.

மரபுவழி

இரண்டும் ஆட்டோசோமல் ரிசஸிவ். டிரெய்ட் உள்ள இருவருக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர 1/4, டிரெய்ட் ஆக 1/2, இயல்பாக இருக்க 1/4 வாய்ப்பு. "ஒவ்வொரு கருத்தரிப்பிலும்" என்று எழுதுங்கள். நான்கில் ஒரு குழந்தை என்று எண்ணிக் கொடுப்பதல்ல இது. நோயாளியின் நலமான உடன்பிறப்பு டிரெய்ட்டாக இருக்கும் வாய்ப்பு 2/3, 1/2 அல்ல. நோயில்லை என்பது ஏற்கெனவே தெரிந்துவிட்டதால் மீதமிருப்பவை மூன்று சாத்தியங்கள்தாம்.

ஆல்பா தலசீமியாவில் இரு மரபணு நீக்கம் ஒரே குரோமோசோமில் உள்ளதா (--/αα), இரண்டிலும் ஒவ்வொன்றாக உள்ளதா (-α/-α) என்பதில்தான் கேள்வி நிற்கும். ரத்த எண்ணிக்கைகள் இருவருக்கும் ஒன்றுபோல் இருக்கலாம். பிள்ளைகளின் ஆபத்து வேறு. --/αα உள்ள இருவருக்கு பார்ட்ஸ் ஹைட்ராப்ஸ் வாய்ப்பு 1/4. -α/-α உள்ள இருவருக்கு அந்த வாய்ப்பே இல்லை. --/αα உள்ளவரும் -α/αα உள்ளவரும் சேர்ந்தால் 1/4 பிள்ளைக்கு எச் நோய் (--/-α). எச் நோயில் பிரில்லியன்ட் கிரெசில் புளூ சாயமேற்றினால் கோல்ஃப் பந்து போன்ற செல்கள் தெரியும்.

சிகிச்சை: அரிவாள் செல் நோய்

தொற்றைத் தடுப்பதே உயிர்காக்கும் முதல் படி. இரண்டு மாத வயதிலிருந்து பெனிசிலின் வி, 3 வயது வரை 125 மி.கி. இருவேளை, பின்னர் 250 மி.கி. இருவேளை, குறைந்தது 5 வயது வரை. நிமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ், ஹீமோஃபிலஸ் தடுப்பூசிகள் அவசியம். காய்ச்சல் 38.5 டிகிரியைத் தொட்டால் அவசர நிலையாகக் கருதி ரத்தக் கல்ச்சர் எடுத்து, முடிவுக்குக் காத்திராமல் செஃப்ட்ரையாக்ஸோன் கொடுக்க வேண்டும்.

ஹைட்ராக்ஸியூரியா நாளொன்றுக்கு கிலோவுக்கு 15 முதல் 20 மி.கி.யில் தொடங்கி, எண்ணிக்கைகளைப் பார்த்து 35 மி.கி. வரை உயர்த்தலாம். எஸ்எஸ், எஸ் / பீட்டா பூஜ்யம் உள்ள குழந்தைக்கு அறிகுறி இல்லாவிட்டாலும் 9 மாதத்திலிருந்தே கொடுக்கலாம். எஃப் உயர்வு மட்டுமல்ல, வெள்ளணு குறைவதும் பலன் தருகிறது. எம்.சி.வி. ஏறாவிட்டால் மாத்திரை உள்ளே போகிறதா என்று கேளுங்கள்.

2 வயது முதல் 16 வயது வரை ஆண்டுதோறும் டிரான்ஸ்கிரேனியல் டாப்ளர். வேகம் நொடிக்கு 200 செ.மீ. அல்லது அதற்கு மேல் என்றால் பக்கவாதத்தைத் தடுக்கத் தொடர் ரத்தமேற்றம்; இலக்கு எஸ் 30%க்குக் கீழ். வலி நெருக்கடியில் வந்து ஒரு மணி நேரத்துக்குள் வலிநிவாரணி, ஊக்குவிப்பு ஸ்பைரோமெட்ரி, தேவையான அளவுக்கே திரவம். அள்ளிக் கொடுத்தால் நுரையீரல் நனையும். வலிக்கு மட்டும் ரத்தம் ஏற்றக்கூடாது. எளிய ரத்தமேற்றத்தில் ஹீமோகுளோபின் 10ஐத் தாண்ட விட்டால் ரத்தம் தடித்து அடைப்பே கூடும்.

திடீரென ஹீமோகுளோபின் சரிந்தால் ரெட்டிக்குலோசைட்டைப் பாருங்கள். அது 1%க்குக் கீழ் என்றால் பார்வோ வைரஸ் பி19 தந்த அப்ளாஸ்டிக் நெருக்கடி. உயர்ந்திருந்து மண்ணீரலும் வீங்கியிருந்தால் சீக்வெஸ்ட்ரேஷன். அதில் ரத்தத்தைச் சிறு அளவாகக் கொடுக்க வேண்டும், தேங்கிய ரத்தம் பின்னர் திரும்பி வரும்.

சிகிச்சை: தலசீமியா மேஜர்

இங்கே ரத்தமேற்றத்தின் நோக்கம் மஜ்ஜையை அடக்குவது. 2 முதல் 5 வாரத்துக்கு ஒருமுறை, ஏற்றும் முன் ஹீமோகுளோபின் 9.5 முதல் 10.5 வரை இருக்குமாறு. முதல் ரத்தம் ஏறுமுன் ஆர்எச், கெல் உள்ளிட்ட விரிவான ரத்தவகையைப் பதிவு செய்ய வேண்டும்.

ஒரு யூனிட்டில் 200 முதல் 250 மி.கி. இரும்பு வருகிறது, உடலுக்கு அதை வெளியேற்ற வழியில்லை. போதாக்குறைக்கு, பயனற்ற உற்பத்தி ஹெப்சிடினை அடக்குவதால் குடலும் இரும்பை அதிகம் உறிஞ்சும். 10 முதல் 20 முறை ஏற்றிய பின், அல்லது ஃபெரிட்டின் 1000ஐத் தாண்டியதும் கீலேஷன் தொடங்கும். டெஃபெராக்ஸமைன் தோலடியில் 8 முதல் 12 மணி நேரம், வாரம் 5 இரவாவது. காய்ச்சலும் வயிற்றுவலியும் வந்தால் யெர்சினியாவை நினைத்து நிறுத்தவும். டெஃபெரிப்ரோன் கிலோவுக்கு 75 முதல் 100 மி.கி. மூன்று வேளையாக, இதயத்துக்கு நல்லது, ஆனால் அக்ரானுலோசைட்டோசிஸ் அபாயத்துக்காக நியூட்ரோஃபில் எண்ணிக்கையை அடிக்கடி பார்க்க வேண்டும். டெஃபெராசிராக்ஸ் தினம் ஒருவேளை. கிரியேட்டினினும் கல்லீரல் நொதிகளும் கண்காணிப்பில் இருக்க வேண்டும். இதய எம்.ஆர்.ஐ.யில் டி2 ஸ்டார் 20 மில்லிசெகண்டுக்குக் கீழ் இரும்புப் படிவு, 10க்குக் கீழ் கடுமை.

பொருத்தமான உடன்பிறப்பின் ஸ்டெம் செல் மாற்று இரண்டு நோய்களையும் குணப்படுத்தும். BCL11A-ஐ அடக்கி எஃப் உற்பத்தியை மீட்கும் மரபணுத் திருத்த சிகிச்சையான எக்ஸா-செல் 2023இல் முதல் அனுமதி பெற்றது. இவ்விரு நோய்களில் லஸ்பாடர்செப்ட் பீட்டா தலசீமியாவுக்கு மட்டுமே அனுமதி பெற்றது. 2024இல் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்ட வோக்ஸலோட்டரைத் தற்போதைய சிகிச்சையாக எழுத வேண்டாம்.

கேள்வி 2. 7 வயதுச் சிறுவன். மீண்டும் மீண்டும் எலும்பு வலி, மண்ணீரல் 3 செ.மீ. தட்டுப்படுகிறது, ரத்தம் ஏற்றப்பட்டதில்லை. ஹீமோகுளோபின் 8.9, எம்.சி.வி. 66, ஃபெரிட்டின் இயல்பு. எஸ் 68%, ஏ 18%, எஃப் 9%, ஏ2 5%.

எஸ் / பீட்டா பிளஸ் தலசீமியா. டிரெய்ட்டில் ஏ எப்போதும் எஸ்ஸை விட அதிகம், இங்கே தலைகீழ். ரத்தம் ஏற்றாத எஸ்எஸ்ஸில் ஏ இருக்கவே முடியாது. 7 வயதிலும் மண்ணீரல் தட்டுப்படுவது இதற்கு வலு சேர்க்கிறது. நிர்வாகம் அரிவாள் செல் நோயைப் போன்றதே; மேஜரைப் போல மாதந்தோறும் ரத்தம் ஏற்றத் தொடங்குவது தவறு.

கேள்வி 3. 9 வாரக் கர்ப்பிணி: எம்.சி.வி. 68, சிவப்பணு 5.8 மில்லியன், ஏ2 5.4%. கணவருக்கு எஸ் 38%, ஏ 58%. ஆலோசனை கூறுக.

68ஐ 5.8ஆல் வகுத்தால் 11.7, ஏ2வும் உயர்வு. மனைவி பீட்டா டிரெய்ட், கணவர் எஸ் டிரெய்ட். கருவுக்கு எஸ் / பீட்டா 1/4, எஸ் டிரெய்ட் 1/4, பீட்டா டிரெய்ட் 1/4, இயல்பு 1/4. தலசீமியா மேஜர் வராது. மனைவியின் பிறழ்வு பூஜ்யமா பிளஸ்ஸா என்பதே கடுமையைத் தீர்மானிக்கும் என்பதால் இருவரின் டி.என்.ஏ. சோதனையை இப்போதே அனுப்பி, 11 வாரத்துக்குப் பின் கோரியானிக் வில்லஸ் மாதிரி எடுக்கலாம். தவறினால் 15 வாரத்துக்குப் பின் அம்னியோசென்டெசிஸ். சோதனை செய்வதும், முடிவுக்குப் பின் என்ன செய்வதென்பதும் தம்பதியின் தீர்மானம். பீட்டா டிரெய்ட் என்பதற்காக மட்டும் மனைவிக்கு இரும்பு மாத்திரையை மறுக்கக்கூடாது. ஃபெரிட்டின் குறைந்திருந்தால் கொடுக்க வேண்டும். ஃபோலிக் அமிலம் 5 மி.கி. தினமும்.