காஸ் துணியா, ஜெல்லா? இனிப்பு நீர்ப் பாதப் புண்ணுக்கு ஒரு கேள்வி

(சுங்கை சிப்புட், தோட்டக் கிளினிக்குகளின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசுவதற்கான உரை. ஸ்லைடு மாற்ற வேண்டிய இடங்கள் உள்ளேயே குறிக்கப்பட்டுள்ளன.)

ஸ்லைடு 1: தலைப்பு

எல்லோருக்கும் வணக்கம். டிரெசர் ஐயாக்களுக்கும், மூத்த மிஸ்ஸிகளுக்கும், வீட்டுக்குப் போய்க் கட்டுப் போடும் தொண்டர் அக்காமார்களுக்கும் தனி வணக்கம். மற்ற பயிற்சிகளெல்லாம் மலாயில் நடக்கின்றன. கட்டுப் போடுகிற கைகளில் பாதி தமிழ்க் கைகள் என்பதால் இதைத் தமிழில் பேசச் சொன்னார்கள். எனக்கு இருபது நிமிடம். கேள்விகளை நடுவிலேயே கேளுங்கள், கோபப்பட மாட்டேன்.

ஸ்லைடு 2: ஒரு பாதம்

படத்தில் பாதம் மட்டும்தான் இருக்கிறது. அந்த அக்காவின் சம்மதத்தோடு எடுத்தது. வயது 58. முன்பு பால் வெட்டினார், கடைசிப் பத்து வருடம் செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கினார். பன்னிரண்டு வருடமாக இனிப்பு நீர். வலது பெருவிரலுக்குக் கீழே, உள்ளங்காலில், குறுக்கே 2 சென்டிமீட்டர் புண். எதுவோ குத்தியிருக்கிறது, முள்ளாக இருக்கலாம். கால் மரத்துப் போனதால் அவருக்கே தெரியவில்லை. செருப்பில் ஈரம் பட்ட பிறகுதான் பார்த்திருக்கிறார்.

எங்களிடம் வருவதற்கு முன் மூன்று வாரம் வீட்டு வைத்தியம். முதலில் மஞ்சள் மருந்து, அப்புறம் மச்சான் கொடுத்த காமாட் எண்ணெய். வந்தபோது புண் சிவப்பாக, சுத்தமாகத்தான் இருந்தது. நீர் அதிகம் கசியவில்லை. சீழ் இல்லை, சுற்றிலும் சூடு இல்லை. பாதத்தில் நாடித் துடிப்பு இரண்டு இடத்திலும் கிடைத்தது. நாங்கள் வழக்கம்போல உப்புநீரில் நனைத்த காஸ் துணி வைத்துத் தினமும் மாற்றினோம். துணி சில நாள் காய்ந்து ஒட்டிக்கொண்டது. பிய்த்தால் புதிதாக வளர்ந்த தோலும் கூடவே வந்தது. புதிதாக வந்த மிஸ்ஸி ஒருவர், "அக்கா, ஸ்டோரில் ஜெல் டியூப் இருக்கிறதே, அதைப் போட்டால் என்ன?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. "இப்படித்தான் செய்வோம்" என்று சமாளித்தேன். இந்த உரைக்கு விதை அதுதான்.

மலேசியாவில் வயது வந்தோரில் இனிப்பு நீர் உள்ளவர்கள் 2019 தேசிய நலக் கணக்கெடுப்பின்படி 18.3 விழுக்காடு, 2023-இல் 15.6. இனவாரியாகப் பார்த்தால் நம் இந்தியர்களிடம்தான் அதிகம். லயத்தில் நான்கு வீட்டுக்கு ஒரு கால்கட்டு பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஸ்லைடு 3: கேள்வியைத் திருத்திய கதை

முதலில் நான் எழுதிய கேள்வி: "பாதப் புண்ணுக்கு எந்த மருந்து நல்லது?" இதை வைத்துக்கொண்டு தேடினால் ராத்திரி விடிந்துவிடும். எந்தப் புண், யாருடைய பாதம், எதோடு ஒப்பிட்டு நல்லது, நல்லது என்றால் என்ன? ஒன்றுமே இல்லை அதில்.

பிக்கோ என்ற முறை இதற்கு உதவுகிறது. 1995-இல் மருத்துவர்கள் எழுதி வைத்த முறை, நான்கு எழுத்து. பி என்றால் நோயாளி, ஐ என்றால் நாம் செய்து பார்க்க நினைக்கும் சிகிச்சை, சி என்றால் எதோடு ஒப்பிடுகிறோம், ஓ என்றால் என்ன பலனை அளக்கிறோம். நான் மூன்று தடவை திருத்திய பிறகு இப்படி வந்தது:

*இனிப்பு நீர் உள்ள பெரியவர்களின் பாதத்தில், தொற்று இல்லாத, கசிவு குறைந்த புண் இருக்கும்போது (பி), ஹைட்ரோஜெல் கட்டு (ஐ), உப்புநீர் நனைத்த காஸ் கட்டைவிட (சி), 12 வாரத்துக்குள் புண் முழுதாக மூடுவதை அதிகப்படுத்துமா (ஓ)?*

அதிகம் மல்லாடியது ஓ எழுத்தோடுதான். முதலில் "புண் சிறிதாகுமா" என்று எழுதியிருந்தேன். எங்கள் டாக்டர் அடித்துவிட்டார். அளவு குறைவது நம் கண்ணுக்கு நல்ல செய்தி, ஆனால் அந்த அக்காவுக்குக் கட்டு இல்லாமல் நடப்பதுதான் செய்தி என்றார். பி-யில் "கசிவு குறைந்த" என்ற சொல்லும் சும்மா இல்லை. ஹைட்ரோஜெல்லில் பெரும்பகுதி தண்ணீர். காய்ந்த புண்ணுக்கு ஈரம் கொடுப்பது அதன் வேலை. ஏற்கெனவே ஒழுகும் புண்ணில் போட்டால் சுற்றியுள்ள தோல் ஊறி வெளுத்துப் போகும், துணி துவைத்த கை மாதிரி.

ஸ்லைடு 4: ஏன் ஈரம்?

1962-இல் ஜார்ஜ் வின்டர் என்பவர் பன்றித் தோலில் சோதனை செய்து 'நேச்சர்' இதழில் எழுதினார். காயத்தைப் பாலித்தீன் தாளால் மூடி ஈரமாக வைத்தபோது, காற்றில் காயவிட்டதைவிட ஏறக்குறைய இரு மடங்கு வேகமாக மேல்தோல் மூடியது. பக்கு கட்டினால் புதுத் தோல் அதற்கு அடியில் துளைத்துக்கொண்டு போக வேண்டும், ஈரம் இருந்தால் மேலாகவே நகர்ந்துவிடும். "காத்தாட விடு, காஞ்சா ஆறிடும்" என்று நம் பாட்டிமார் சொன்னதற்கு நேர் எதிர். ஆனால் கவனியுங்கள்: அது ஆரோக்கியமான பன்றியின் புதுக் காயம். இனிப்பு நீர்ப் பாதம் அல்ல.

ஸ்லைடு 5: தேடியது

மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் இணையதளமான பப்மெட்டில் நான் தட்டியது இதுதான், படம் எடுத்துக்கொள்ளுங்கள்:

```
("diabetic foot"[MeSH Terms] OR "diabetic foot ulcer*") AND hydrogel* AND (gauze OR saline) AND heal*
```

எலிச் சோதனை, ஆய்வகச் சோதனை, ஒரே ஒரு நோயாளியின் கதை எல்லாவற்றையும் ஒதுக்கினேன். பல சோதனைகளைச் சேர்த்து எடைபோட்ட தொகுப்பாய்வைத்தான் முதலில் எடுத்தேன்.

ஸ்லைடு 6: கிடைத்தது

முக்கியமானது, மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் என்ற அமைப்பு 2013-இல் வெளியிட்ட தொகுப்பாய்வு. இனிப்பு நீர்ப் பாதப் புண்ணுக்கு ஹைட்ரோஜெல் பற்றியது. மொத்தம் 5 சோதனைகள், 446 பேர். அதில் சாதாரணக் கட்டோடு ஒப்பிட்டவை 3, அந்த மூன்றிலும் சேர்த்து 198 பேர். முழுதாக ஆறுவதில் ஹைட்ரோஜெல் பக்கம் விகிதம் 1.80. அதாவது சாதாரணக் கட்டில் 10 பேருக்கு ஆறினால், அதே அளவு கூட்டத்தில் ஜெல்லில் 18 பேருக்கு ஆறும். உண்மையான விகிதம் இருக்கக்கூடிய எல்லை, அதாவது நம்பக இடைவெளி, 1.27 முதல் 2.56 வரை. விகிதம் 1 என்றால் இரண்டு கட்டும் சமம். கீழ் எல்லையே 1-க்கு மேலே இருப்பதால், வெறும் தற்செயல் என்று தள்ள முடியாது.

இந்த இடத்தில் கை தட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடலாம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். அப்புறம் உள்ளே போய்ப் படித்தேன்.

மூன்று சோதனைகளில் பெரியது 138 பேர், மற்ற இரண்டும் முப்பது பேர் வாக்கில். பின்தொடர்ந்த காலம் ஒன்றில் 12 வாரம், ஒன்றில் 16, ஒன்றில் 20. புண்ணின் ஆழமும் ஒரே மாதிரி இல்லை. அந்தப் பெரிய சோதனை இருக்கிறதே, அதில் வளர்ச்சி ஊக்கி மருந்து ஒன்றைப் பெற்ற இன்னொரு குழுவும் இருந்தது. ஜெல் குழுவுக்குக் கொடுத்தது அந்த மருந்தைச் சுமக்கும் வெறும் ஜெல். அந்த வெறும் ஜெல் குழுவில் 36 விழுக்காட்டினருக்கு ஆறியது, நல்ல பராமரிப்பு மட்டும் பெற்ற குழுவில் 22. வித்தியாசம் 14. அப்படியென்றால் ஏறக்குறைய 7 பேருக்கு ஜெல் போட்டால் கூடுதலாக ஒருவருக்கு ஆறும். மீதி ஆறு பேருக்கு ஜெல்லால் முடிவு மாறவில்லை. 1.80 என்று சொல்லும்போது வரும் உற்சாகம், 7-க்கு 1 என்று சொல்லும்போது அடங்கிவிடுகிறது, இல்லையா? இரண்டும் உண்மைதான். நோயாளியிடம் பேசும்போது இரண்டாவதைச் சொல்லுங்கள்.

காக்ரேன் குழுவே சோதனைகளில் சார்பு இருக்கக்கூடும், முடிவு உறுதியற்றது என்று எழுதியிருக்கிறது. 2015-இல் வந்த இன்னொரு காக்ரேன் மேலோட்டம் எல்லா வகைக் கட்டுகளையும் சேர்த்துப் பார்த்து, ஒன்று மற்றதைவிட மேல் என்று சொல்ல உறுதியான ஆதாரம் இல்லை, விலையையும் பார்த்து முடிவு செய்யலாம் என்றது.

பின்வரிசை அக்கா தேன் பற்றிக் கேட்கிறார். எதிர்பார்த்தேன். மேலோட்டமான தீப்புண்ணில் தேனுக்கு ஆதாரம் இருக்கிறது. பாதப் புண்ணுக்கு வேண்டாம் என்று இனிப்பு நீர்ப் பாதத்துக்கான சர்வதேசப் பணிக்குழுவின் 2023 வழிகாட்டியே சொல்கிறது. காமாட் எண்ணெய்க்கும் என் பதில் வேண்டாம் என்பதுதான், மச்சான் கோபித்துக்கொண்டாலும் சரி.

ஸ்லைடு 7: ஆய்வு அளக்காத ஒன்று

இது ஆதாரம் அல்ல, என் கணக்கு. காஸைத் தினமும் மாற்றினால் 12 வாரத்தில் 84 முறை. ஜெல்லை மூன்று நாளுக்கொரு முறை மாற்றினால் 28. மீதி 56. தோட்டத்திலிருந்து பட்டணத்துக்கு ஒருவர் காலை ஊன்றி 56 தடவை நடப்பது மிச்சம். உள்ளங்கால் புண்ணுக்கு நடைதான் முதல் எதிரி. பாரத்தை இறக்காமல் மேலே எதைப் போட்டாலும் ஆறாது. ஜெல்லின் நன்மையில் பாதி இதில் இருக்குமோ என்பது என் சந்தேகம், நிரூபிக்க முடியாது. ஜெல் டியூப் விலை அதிகம், மேலே இன்னொரு கட்டும் வேண்டும். டிரெசர் ஐயா ஸ்டோர் கணக்கோடு உட்கார்ந்திருக்கிறார், அவர் முகத்தைப் பார்த்தே சொல்கிறேன்.

ஸ்லைடு 8: என் பரிந்துரை

எல்லாருக்கும் ஜெல் வேண்டாம். சுத்தமான, கசிவு குறைந்த, காய்கிற தன்மையுள்ள, இரத்த ஓட்டம் உறுதியான புண்ணுக்கு ஜெல், மூன்று நாளுக்கொரு முறை. கசிவு இருந்தால் இப்போதைய முறையே, ஆனால் துணி காய்ந்து ஒட்டவிடக் கூடாது. ஒட்டினால் உப்புநீர் ஊற்றி ஊறவிட்டு எடுங்கள், பிய்க்காதீர்கள். சிவப்பு பரவினால், நாற்றம் வந்தால், காய்ச்சல் வந்தால், கறுத்தால், எலும்பு தட்டுப்பட்டால் எந்தக் கட்டும் பேச்சு இல்லை, அன்றைக்கே ஆஸ்பத்திரி.

அடுத்த மாதம் தொடங்கி, தகுதியான முதல் ஆறு நோயாளிகளிடம் மட்டும் செய்து பார்க்கலாம் என்று டாக்டர் ஒப்புக்கொண்டிருக்கிறார். வாரம் ஒரு முறை ஒரே மிஸ்ஸி, ஒரே அளவுகோலை வைத்து நீளமும் அகலமும் குறிப்பார். நான்கு வாரத்தில் பரப்பு பாதியாகக் குறையாவிட்டால் ஜெல்லை விட்டுவிட்டுக் காரணம் தேட வேண்டும். ஆறு பேரை வைத்து ஜெல் நல்லதா என்று சொல்ல முடியாது. நம் கிளினிக்கில் இதை ஒழுங்காகச் செய்ய முடிகிறதா என்று மட்டும் தெரியும்.

அந்த அக்காவுக்கு இரண்டு வாரமாக ஜெல், கூடவே உள்ளங்காலில் பஞ்சுத் திண்டு வைத்த செருப்பு. புண் இப்போது 1.4 சென்டிமீட்டர். ஜெல்லா செருப்பா என்று கேட்காதீர்கள், இரண்டையும் ஒரே நாளில் தொடங்கிவிட்டேன், அது என் தவறு. சரி, அளவெடுக்கும் தாளை வரிசையாகக் கொடுக்கிறேன், ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளுங்கள்.