பழனி அடிவாரம், நம் லாட்ஜ்: எல்லோருக்குமான சேவை முறை

நம்மிடம் லிஃப்ட் இல்லை, ஏசி அறை நான்குதான். ஆனாலும் போன வருடம் வந்தவர்கள் இந்த வருடமும் நம்மைத் தேடி வருகிறார்கள். அதற்குக் காரணம் நீங்கள்தான். நன்றாகச் செய்கிற நாளில் நீங்கள் செய்வதைத்தான் இங்கே எழுதியிருக்கிறோம். எல்லா நாளும் அப்படியே இருக்கட்டும்.

வருகிறவரை முதலில் உட்காரச் சொல்லுங்கள், தண்ணீர் கொடுங்கள், அடையாள அட்டையைப் பிறகு கேட்கலாம். பாதயாத்திரையாக வந்தவர் கொப்புளத்தோடு நிற்பார். அவருக்கும் வயதானவர்களுக்கும் தரைத்தள அறைதான் முதலில். ஒரு வாளி வெந்நீர் கேட்டால் நேரம் பார்க்க வேண்டாம். வாடகை போர்டில் உள்ளபடிதான், தைப்பூசத்துக்கும் அதேதான்.

அறையைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். நாலு மணி நேரம் தங்கிப் போனாலும் விரிப்பும் தலையணை உறையும் மாற்ற வேண்டும். உதறிப் போடுவது மாற்றுவது ஆகாது. சாவி கொடுக்கும் முன் குழாயைத் திறந்து பாருங்கள், ஃப்ளஷை அழுத்துங்கள், உள்தாழ்ப்பாளைப் போட்டுப் பாருங்கள். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்ப்பதும் இதில் சேர்த்தி. போனவரின் சார்ஜர் பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும். கிடைத்த பொருளை அன்றே ரிசப்ஷன் நோட்டில் எழுதி ஒப்படைத்துவிடுங்கள்.

மொட்டை போட்டுச் சந்தனம் பூசி வருகிறவர் படுத்தால் தலையணையில் மஞ்சள் கறை படியத்தான் செய்யும். முகம் சுளிக்காதீர்கள், காசும் கேட்காதீர்கள். அதற்கென்று பழைய துண்டுகள் துவைத்து வைத்திருக்கிறோம். கேட்காமலே ஒன்று கொடுங்கள்.

தட்டாமல் எந்தக் கதவையும் திறக்க வேண்டாம். யார் எந்த அறையில் இருக்கிறார் என்று வெளியாள் கேட்டால், உறவினர் என்று சொன்னாலும், அறைக்கு ஃபோன் செய்து கேட்ட பிறகுதான் பதில்.

புகார் வந்தால் "அது என் வேலை இல்லை" என்பதற்குப் பதிலாக "சரிங்க, பார்க்கிறேன்" என்று சொல்லுங்கள். அரை மணி நேரத்தில் சரியாகவில்லையென்றால் வேறு அறை கொடுக்கலாம். அதற்கு என்னைக் கேட்க வேண்டியதில்லை. பலத்த காற்றில் ரோப் கார் நின்றுபோனால் அந்தக் கோபமும் நம் ரிசப்ஷனுக்குத்தான் வரும். பரவாயில்லை, விஞ்ச் இருக்கிறது, யானைப்பாதை இருக்கிறது என்று வழி சொல்லி அனுப்புங்கள். யாருக்காவது உடம்பு முடியவில்லையென்றால் முதலில் 108, அப்புறம் எனக்கு.

குடித்துவிட்டு வந்து தகாத வார்த்தை பேசுகிறவரிடம் பொறுமையாக இருக்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. என்னைக் கூப்பிடுங்கள், நான் பேசிக்கொள்கிறேன். கை தவறி எதையாவது உடைத்துவிட்டால் வந்து சொல்லுங்கள். சம்பளத்தில் பிடிக்க மாட்டோம்.

இந்தத் தாள் சாவிப் பலகைக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும். எது நடைமுறைக்கு ஒத்துவரவில்லையோ அதன் ஓரத்தில் பேனாவால் எழுதி வையுங்கள். முதல் தேதி சம்பளம் வாங்க வரும்போது பேசி மாற்றிக்கொள்வோம்.

மேனேஜர்