பள்ளி நேரத்தில் மருந்து கொடுக்க உங்கள் சம்மதம்

மன்னார்குடி
ஜூன் 16

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். இன்று பிள்ளையின் டைரியில் மஞ்சள் தாள் ஒன்று வைத்து அனுப்பியிருக்கிறேன். பள்ளி நேரத்தில் உங்கள் பிள்ளைக்கு நான் மருந்து கொடுக்கலாம் என்பதற்கான சம்மதப் படிவம் அது.

போன வருடம் நான்காம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, நோட்டுத் தாளில் மடித்த இரண்டு மாத்திரைகளோடு வந்தாள். "மத்தியானம் சாப்பிடணும்னு அம்மா சொன்னாங்க" என்றாள். அட்டையிலிருந்து பிரித்த மாத்திரை; பெயரும் இல்லை, காலாவதித் தேதியும் இல்லை. ஒன்றைத் தலைவலி என்ற தோழிக்கு ஏற்கெனவே கொடுத்திருந்தாள். நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்று முழுக்க எனக்குக் கை ஓடவில்லை.

அதனால் மருந்தை நீங்களோ வீட்டுப் பெரியவர் ஒருவரோ நேரில் கொண்டுவந்து என்னிடம் கொடுங்கள். அட்டையையோ பாட்டிலையோ பிரிக்காமல், டாக்டர் சீட்டின் நகலோடு வேண்டும். படிவத்தில் "காய்ச்சல் டானிக் ஒரு ஸ்பூன்" என்று மட்டும் எழுதாதீர்கள். பாராசிட்டமால் சிரப்பிலேயே 5 மில்லிக்கு 120 மில்லிகிராம் உண்டு, 250 மில்லிகிராமும் உண்டு. அதே ஸ்பூன்தான், மருந்து மட்டும் இரண்டு மடங்கு. பாட்டிலில் உள்ளதைப் பார்த்து அப்படியே எழுதுங்கள். அளவு மூடியையும் சேர்த்துக் கொடுங்கள். மருந்து ஒத்துக்கொள்ளாமல் தடிப்போ வீக்கமோ வந்ததுண்டா என்ற கேள்வியைத் தயவுசெய்து காலியாக விடாதீர்கள். இல்லை என்றால் 'இல்லை' என்றே எழுதுங்கள்.

மூன்று வேளை மருந்து என்றால், காலை, பள்ளி விட்டதும், இரவு என்று வீட்டிலேயே கொடுக்க முடியுமா என்று டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பல மருந்துகளுக்கு அது போதும். இன்சுலின், வலிப்புக்கான அவசர மருந்து தேவைப்படும் பிள்ளைகளின் பெற்றோர் மட்டும் என்னை நேரில் வந்து பாருங்கள். அதைத் தாளில் எழுதி முடிக்க முடியாது. வீசிங் உள்ள பிள்ளைகள் இன்ஹேலரைப் பையிலேயே வைத்துக்கொள்ளலாம், அதையும் படிவத்தில் குறியுங்கள். தை மாத அறுப்பில் வைக்கோல் தூசி கிளம்பும்போது அது என் அலமாரியில் பூட்டிக் கிடந்து பயனில்லை.

அப்பா வெளிநாட்டில் இருந்தால் அம்மா கையெழுத்து போதும். பாட்டி, தாத்தா வளர்க்கும் பிள்ளை என்றால் அவர்களே போடலாம். கைநாட்டு என்றால் வகுப்பாசிரியர் முன்னால் வையுங்கள். இந்தச் சம்மதம் இந்த ஒரு கல்வியாண்டுக்குத்தான். மருந்தோ அளவோ மாறினால் புதுப் படிவம் வேண்டும். வேண்டாம் என்று தோன்றினால் எப்போது வேண்டுமானாலும் எழுதிக் கொடுத்து நிறுத்தலாம்.

கையெழுத்து போடாவிட்டால் முதலுதவி கிடைக்காதோ என்று பயப்பட வேண்டாம். அடிபட்டாலும் மூச்சுத் திணறினாலும் உடனே பார்ப்போம், 108-ஐ அழைப்போம், உங்களுக்கும் போன் செய்வோம். மாத்திரை மருந்து மட்டும் கொடுக்க மாட்டேன்.

படிவத்தை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பிவிடுங்கள். எழுதுவதில் சந்தேகம் இருந்தால் காலை 9 மணிக்கு மேல் மருத்துவ அறைக்கு வாருங்கள், உட்கார்ந்து சேர்ந்தே நிரப்பலாம்.

இப்படிக்கு,
பள்ளிச் செவிலியர்