ஆடி முடிந்தும் வந்த துணி

மதுரை கே.கே. நகரில் எங்கள் தெரு முனையில் ஒரு புங்கமரம், அதன் கீழே பாண்டி அண்ணனின் தேய்ப்பு வண்டி. தகரக் கூரை போட்ட தள்ளுவண்டிதான். பலகை மேல் கம்பளியை ரெண்டாக மடித்து விரித்து, அதற்கு மேல் சூட்டில் பழுப்பேறிய ஒரு பழைய வேட்டி. ஊரில் பல பேர் கேஸ் பெட்டிக்கு மாறியாச்சு, இவர் மட்டும் அவருடைய அப்பா வைத்திருந்த பித்தளைப் பெட்டியில் கரி போட்டு, மேலே ரெண்டு சிரட்டைத் துண்டைச் செருகி விசிறிக்கொண்டிருப்பார். ஏன்ணே மாறலையா என்று கேட்டால் "கேஸ்ல சூடு நிக்காதுப்பா" என்பார். அது உண்மையா என்று எனக்குத் தெரியாது, அந்தக் கனம் இல்லாமல் அவருக்குக் கை ஓடாது என்றுதான் நான் நினைக்கிறேன்.

அவருடைய அப்பா வைகையில் வெளுத்தவர். அந்தக் காலத்தில் எந்தத் துணி எந்த வீடு என்று தெரிய சேங்கொட்டைச் சாற்றில் குறி போடுவார்கள், எத்தனை முறை துவைத்தாலும் போகாது. பாண்டி அண்ணனுக்குக் குறியே வேண்டாம். மூட்டையைப் பிரித்தாலே வீடு தெரியும், வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்பதும் முக்கால்வாசி தெரிந்துவிடும்.

பெரிய கேஸெல்லாம் பார்க்கிறவர் என்று தெருவே நினைத்துக்கொண்டிருந்த வக்கீல் சாரின் வெள்ளைச் சட்டைகளில் காலரைப் பிரித்துத் திருப்பித் தைத்திருப்பது அவருக்குத்தான் தெரியும். கார்த்திகையில் கறுப்பு வேட்டி எந்த வீட்டிலிருந்து வரும், எந்த வீட்டில் இந்த வருஷம் மாலை போடவில்லை, எல்லாம் தெரியும். ஒருத்தர் கட்சி மாறப்போகிறார் என்பது அவருடைய கரைவேட்டியை வைத்துப் பேப்பரில் வருவதற்கு ஒரு வாரம் முன்பே இவருக்குத் தெரிந்துபோனது (மூட்டையில் பழைய கரை நாலு வந்த இடத்தில் ஒன்றுகூட இல்லை, வெறும் வெள்ளை வேட்டி மட்டும்). யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகும் என்று ஏற்கெனவே பட்டிருக்கிறார்.

ரொம்ப வருஷத்துக்கு முன்னால், ஒரு சட்டைப் பையில் அடகுக்கடைச் சீட்டு கிடந்தது. நல்ல மனசோடுதான், துணி வாங்க வந்த வீட்டம்மாவிடம் அதைக் கொடுத்தார். பீரோவில் பத்திரமாக இருக்கிறது என்று அந்தம்மா நம்பிக்கொண்டிருந்த அவருடைய சங்கிலிக்கான சீட்டு அது. அன்று ராத்திரி அந்த வீட்டுச் சத்தம் புங்கமரம் வரைக்கும் கேட்டதாம். அதிலிருந்து பையில் எது கிடந்தாலும், பஸ் டிக்கெட்டோ நூறு ரூபாய் நோட்டோ, தேய்த்து முடித்து அதே பையில் திரும்ப வைத்துவிடுவார்.

மூணாவது வீட்டுப் பொண்ணுக்குத் தை மாசம் கல்யாணம். பி.எல். முடித்து ஒரு சீனியரிடம் ஜூனியராக இருந்தவள், காலையில் கோட்டைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு ஒத்தக்கடைப் பக்கம் ஹைகோர்ட்டுக்குப் பஸ் ஏறுவாள். மாப்பிள்ளை கோயம்புத்தூர். தலை ஆடிக்கு அம்மா வீட்டுக்கு வந்தாள், மூட்டையில் புதுப் புடவைகள், ஜரிகை எல்லாம் கருகாமல் பார்த்துப் பார்த்துத் தேய்த்தார். அது வழக்கம்தானே. ஆவணி பிறந்தால் திரும்பிப் போய்விடுவார்கள்.

ஆவணியிலும் வந்தது. ஆனால் புடவை இல்லை. காலேஜ் காலத்துச் சுடிதார்கள், சாயம் போனவை, கல்யாணமாகிப் போகும்போது இனி வேண்டாம் என்று அம்மா வீட்டிலேயே விட்டுவிட்டுப் போன துணிகள். புரட்டாசியிலும் அதேதான். அவளுடைய அம்மா தெருவில், "மாப்பிள்ளைய துபாய்க்கு அனுப்பிருக்காங்க, அதான் பாப்பா இங்க இருக்கா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். தெருவும் நம்பியது.

பாண்டி அண்ணன் தீபாவளி வரைக்கும் நம்பத்தான் பார்த்தார். தீபாவளி முடிந்த வாரம் எல்லா வீட்டிலிருந்தும் மூலையில் மஞ்சள் தடவிய புதுத்துணி தேய்க்க வரும். அந்த வீட்டுக்குத் தலை தீபாவளி. மூட்டையில் மஞ்சள் மூலை வைத்த வேட்டி ஒன்றே ஒன்று, அதுவும் அவளுடைய அப்பா கட்டுகிற நாலு முழம். துபாயில் இருந்தாலும் மாப்பிள்ளைக்கு எடுத்து வைப்பார்கள், அல்லது தலை தீபாவளிக்காவது லீவு போட்டு வரச் சொல்வார்கள். புதுச் சுடிதார் ஒன்றும் இருந்தது, மஞ்சள் வைத்திருந்தார்கள், ஆனால் மடிப்புக் கலையவில்லை. அவள் அதைப் போட்டுக்கொள்ளவே இல்லை. அதை அப்படியே திரும்ப மடித்து அடியில் வைத்தார், கணக்கில் சேர்க்கவில்லை.

எதிர்வீட்டு அக்கா விடுகிற ஆளில்லை. ஒரு நாள் வண்டிக்குப் பக்கத்தில் வந்து நின்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஏன் பாண்டி, அந்தப் புள்ளைக்கு என்னதான் பிரச்சினையாம்? ஒனக்குத் தெரியாம இருக்காதே."

"எனக்கென்னக்கா தெரியும். ஒங்க சார் சட்டைல ரெண்டாவது பட்டன் ஆடுது, தச்சுக் குடுங்க, தேய்க்கிறப்ப தெறிச்சுட்டா என்னைச் சொல்லுவீங்க."

அந்த அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். ஒரு மாசம் துணியை வேற தெருவுக்கு அனுப்பினார் என்பது தனிக்கதை.

மறு தை பிறந்து, பொங்கலெல்லாம் முடிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவளே வந்தாள். அவள் வண்டிக்கு வருவது கல்யாணத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. கையில் ஒரு துணிப்பை. உள்ளே கறுப்புக் கோட்டு, வெள்ளைக் காட்டன் சேலை, கழுத்தில் கட்டுகிற வெள்ளைப் பேண்டு ரெண்டு. கோட்டைப் பிரித்ததும் அந்துருண்டை வாசம் வந்தது. ஒரு வருஷமாகப் பெட்டிக்குள் மடங்கிக் கிடந்ததில் தோளிலிருந்து இடுப்பு வரை கோடு கோடாகப் பதிந்திருந்தது.

"காலையில ஏழு மணிக்கு வேணும்ண்ணே. முடியுமா?"

"இருந்து வாங்கிட்டே போத்தா."

கறுப்புக் கோட்டை நேரடியாகத் தேய்த்தால் பளபளவென்று மின்னிப் போகும், பார்க்கவே அசிங்கம். ஈரத்துணியை விரித்து, அதன் மேல் பெட்டியை வைத்து அழுத்தி எடுக்க வேண்டும், இழுக்கக் கூடாது. ஆவி அடங்கும் வரை கையால் தட்ட வேண்டும். தோள் கோடு லேசில் போகவில்லை. கரி தணிந்துபோய் மறுபடி சிரட்டை போட்டு விசிறினார், மறுபடி நனைத்தார். மற்ற வீட்டு மூட்டைகளெல்லாம் அப்படியே கிடந்தன. அவள் மரத்தடியில் நின்று போனைப் பார்ப்பதுபோல இருந்தாள், திரை அணைந்தே கிடந்தது. பேண்டுகளுக்குக் கஞ்சி போதாது என்று அவராகவே கொஞ்சம் தெளித்து, விறைப்பாக நிற்கும்படி எடுத்தார்.

முடித்ததும் அவள் கேட்டாள், "எவ்வளவுண்ணே?"

வேண்டாம்மா, இருக்கட்டும் என்றுதான் வாய் வரைக்கும் வந்தது. காசு வாங்காவிட்டால், ஏன் வாங்கவில்லை என்று இந்தப் பொண்ணு யோசிக்கும், யோசித்தால் இவருக்கு எல்லாம் தெரியும் என்பதும் அவளுக்குத் தெரிந்துபோகும், நாளைக்கு இந்த வண்டியைக் கடந்து பஸ் ஸ்டாப்புக்குப் போகவே கூசும்.

"கோட்டு நாப்பது, சேலை முப்பது, பேண்டு ரெண்டும் பத்து. எம்பது ரூவா."

"எம்பதா? போன வருஷம் கோட்டு முப்பதுதானேண்ணே!"

"கரி வெல ஏறிப் போச்சுத்தா."

"ரெண்டாவது தெருவுல இன்னும் முப்பதுதான் வாங்குறாங்க, விசாரிச்சுட்டுத்தான் வந்தேன்." பர்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு கையை இடுப்பில் ஊன்றியாயிற்று. "வாரம் ரெண்டு தடவை கொண்டு வருவேன். எழுபதுன்னு வச்சுக்கங்க."

"ரெண்டாவது தெருவுல கேஸ் பெட்டி. கோட்டு மின்னிப் போகும், ஜட்ஜ் மூஞ்சி அதுல தெரியும்."

அவள் சிரித்துவிட்டாள். ஆனால் விடவில்லை. "எழுபத்தஞ்சு."

"சரி, எழுபத்தஞ்சு. சில்லறையாக் குடு, ஐநூறு ரூவா நோட்ட நீட்டாத."