மேற்கூரை சூரிய மின்தகடு நிறுவும் தொழில்நுட்பர் பணிக்கான விண்ணப்பம்

பணியாளர் பிரிவு மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நிறுவனம் அறிவித்துள்ள தொழில்நுட்பர் பணிக்கு விண்ணப்பிக்கிறேன். மின்னியலில் மூன்றாண்டு டிப்ளமோ படிப்பை 2022-இல் முதல் வகுப்பில் முடித்தபின், மின் ஒப்பந்ததாரர் ஒருவரிடம் கட்டட வயரிங், மின்பலகை இணைப்பு, எர்த்திங் ஆகிய வேலைகளைச் செய்துவருகிறேன்.

சூரிய மின் அமைப்புகளில் என் அனுபவம் குறைவு என்பதை மறைக்க விரும்பவில்லை. இதுவரை நான்கு வீடுகளில் மட்டுமே, அதுவும் உதவியாளராக, பணியாற்றியிருக்கிறேன். அவற்றுள் ஒரு வீட்டில் மின்தகடுகளின் கனெக்டர் ஒன்று உருகிப்போயிருந்தது. இரு வேறு தயாரிப்புகளின் ஆண், பெண் முனைகளைப் பொருத்தியிருந்ததால் தொடர்பு தளர்ந்து சூடேறியதே காரணம் என்று கண்டறிந்து, இரு முனைகளையும் ஒரே தயாரிப்பாக மாற்றினோம். இன்வெர்ட்டரை நிறுத்திய பின்னும் வெயில் இருக்கும்வரை தகடுகளில் மின்னழுத்தம் இருந்துகொண்டே இருக்கும் என்பதையும், மாறுமின்னோட்டம் சுழியைக் கடப்பதுபோல் நேர்மின்னோட்டம் கடப்பதில்லை என்பதால் அதில் தோன்றும் தீப்பொறி எளிதில் அணையாது என்பதையும், பாடநூலில் படித்ததைவிட அன்றுதான் நன்றாக உணர்ந்தேன்.

மெகர், கிளாம்ப் மீட்டர் ஆகியவற்றைக் கொண்டு சோதனை செய்யவும், ஒற்றைக்கோட்டு வரைபடத்தைப் படித்து வயரிங் செய்யவும் எனக்குத் தெரியும். பாதுகாப்புக் கச்சை அணிந்து உயரத்தில் வேலை செய்வதில் தயக்கமில்லை.

சான்றிதழ்களின் நகல்களை இணைத்துள்ளேன். நேர்காணலுக்கோ, செய்முறைத் தேர்வுக்கோ தாங்கள் அழைக்கும் நாளில் வருகிறேன். தேர்வானால், முன்னறிவிப்புக்கு வேண்டிய 15 நாள்களுக்குப் பின் பணியில் சேர இயலும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
செ. கதிரவன்

இணைப்பு: டிப்ளமோ சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், அனுபவச் சான்று